‘ஐ லைக் வெரி மச்’: எதை என்று சொல்லாமல் விடும் ஆங்கிலம்

ஒரு நண்பருக்கு நீங்கள் எழுதியதையோ வரைந்ததையோ அனுப்புகிறீர்கள். பத்து நிமிடத்தில் பதில் வருகிறது: ‘ஐ லைக் வெரி மச்’. அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்குப் புரிந்துவிடுகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் அதே செய்தியை ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் படித்தால், கடைசிப் படி இல்லாத மாடிப்படியில் இறங்குவது போல ஒரு கணம் தடுமாறுவார். ‘லைக்’ வந்தது, சரி, எதை லைக்? ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று நடுவில் ஒரு ‘இட்’ இருந்திருந்தால் அந்தத் தடுமாற்றமே இருக்காது.

இந்தச் சின்ன ‘இட்’ ஏன் நம் கையிலிருந்து நழுவுகிறது, எங்கே நழுவினால் பரவாயில்லை, எங்கே நழுவினால் வம்பு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பள்ளி இலக்கணத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்: செயப்படுபொருள். ‘கவிதா கடிதத்தை எழுதினாள்’ என்பதில் கடிதம்தான் செயப்படுபொருள். வினையைப் பார்த்து ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் அது. எழுது, அனுப்பு, பார் போன்றவற்றில் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு, அதனால் அவை செயப்படுபொருள் குன்றா வினைகள். தூங்கு, வா, சிரி போன்றவற்றில் ‘எதைத் தூங்கினாள்?’ என்று கேட்கவே முடியாது, அவை குன்றிய வினைகள். இவ்வளவு போதும்.

தமிழில் செயப்படுபொருளை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ‘கடிதத்தை அனுப்பிட்டியா?’ என்று கேட்டால் ‘அனுப்பிட்டேன்’ என்பதுதான் இயல்பான பதில். ‘அதை அனுப்பிட்டேன்’ என்று சொன்னால், வேறு எதையோ அனுப்பவில்லை என்ற அழுத்தம் தேவையில்லாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் வினைக்கு விகுதி இருப்பதால்தான் இப்படி விட முடிகிறது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ‘அனுப்பிட்டேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ அனுப்பியவர் யார் என்று சொல்கிறது, ஆகவே ‘நான்’ தேவையில்லை. ஆனால் அனுப்பப்பட்டது என்ன என்று அந்தச் சொல்லில் ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. அதைப் பேச்சின் போக்கிலிருந்து கேட்பவரே எடுத்துக்கொள்கிறார், தமிழ் அதை அவரிடம் நம்பி விட்டுவிடுகிறது. ஜப்பானியம், கொரியம், சீனம் எல்லாமே இப்படி நம்பி விடுகிற மொழிகள்தான். ஆங்கிலம் பெரும்பாலும் விடாது.

‘லைக்’ விஷயத்தில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது, எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் சுவையாகப் படுவது இதுதான். ‘அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் எது? நான் இல்லை, படம். நான் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் அதே செய்தியில் ‘ஐ’ எழுவாயாக முன்னால் வந்து நிற்கிறது, படம் செயப்படுபொருளாகப் பின்னால் போகிறது. அதாவது இரண்டு மொழிகளும் ஒரே நிகழ்ச்சியை எதிரெதிர்த் திசையிலிருந்து பார்க்கின்றன. தமிழில் எழுவாயை விடுவது மிக மிகச் சாதாரணம் என்பதால் படத்தை விட்டுவிட்டு ‘எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு’ என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, நாம் விட்டது தமிழுக்கு எழுவாய், ஆங்கிலத்துக்கோ விடவே கூடாத செயப்படுபொருள்.

இதே குடும்பத்தில் இன்னும் சில வினைகள் உண்டு: எனக்குத் தெரியும், எனக்குப் புரிந்தது, எனக்கு வேண்டும், எனக்குக் கிடைத்தது. தமிழில் இவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து போகிறது. ‘தெரியும்’ என்பதற்கு ‘ஐ நோ’ என்று மட்டும் சொல்லலாம். ‘புரிந்தது’ என்பதற்கு ‘ஐ அன்டர்ஸ்டாண்ட்’ போதும். ஆனால் ‘வேண்டும்’ என்பதற்கு ‘ஐ வான்ட்’ என்று நிறுத்த முடியாது, ‘ஐ வான்ட் இட்’ என்று முடிக்க வேண்டும். ‘கிடைத்தது’ என்பதற்கு ‘ஐ காட்’ போதாது, ‘ஐ காட் இட்’. ‘பிடிச்சிருக்கு’ என்பதற்கு ‘ஐ லைக் இட்’. ‘ஐ நோ’ சரியென்றால் ‘ஐ லைக்’ ஏன் சரியில்லை என்று குழம்புவது மிக நியாயமான குழப்பம்.

வினையின் அர்த்தத்தை வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ‘முயற்சி செய்தேன்’ என்பதற்கு ‘ஐ ட்ரைட்’ என்று நிறுத்தலாம், ‘ஐ அட்டெம்ப்டட்’ என்று நிறுத்தினால் தொங்குகிறது. ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ நிற்கும், ‘ஐ டிஸ்கவர்ட்’ நிற்காது. அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் சொல்லுக்குச் சொல் பழக்கம் வேறு. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் 1986-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் விடுபடும் செயப்படுபொருள்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார், அந்தப் பிரிவு தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கும் உதவும். ஒன்று, எது என்பது முக்கியமே இல்லாததால் விடுவது. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றால் சாப்பாடு ஆயிற்று, அவ்வளவுதான், என்ன சாப்பிட்டேன் என்பது பேச்சே இல்லை. இன்னொன்று, எது என்று இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருப்பதால் விடுவது. ‘ஐ நோ’ என்றால் நீங்கள் இப்போது சொன்னீர்களே அதுதான், வேறு எதுவும் இல்லை. தமிழ் எந்த வினைக்கும் இந்த இரண்டாவது உரிமையைத் தாராளமாகக் கொடுக்கிறது. ஆங்கிலம் அதைச் சில வினைகளுக்கு மட்டும் கொடுத்து வைத்திருக்கிறது. வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வதுதான் ஒரே வழி.

இந்த இரண்டு வகையும் கலந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ‘அறிக்கையைப் படித்தீர்களா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், நாம் ‘படித்தேன்’ என்ற நினைப்பில் ‘ஐ ரெட்’ என்று தட்டச்சு செய்து அனுப்புகிறோம். ஆங்கில எழுத்தில் ‘ரீட்’ என்ற நிகழ்காலமும் ‘ரெட்’ என்ற இறந்தகாலமும் ஒரே மாதிரிதான் இருக்கும். திரையில் அதைப் பார்ப்பவருக்கு அது ‘நான் வாசிப்பேன், எனக்கு வாசிக்கும் பழக்கம் உண்டு’ என்றுகூடத் தெரியலாம். ‘ஐ ரெட் இட்’ என்று ஒரு ‘இட்’ சேர்த்தால், எந்த அறிக்கை என்பதும் தெளிவாகிறது, இறந்தகாலம் என்பதும் கிட்டத்தட்ட உறுதியாகிறது.

‘இட்’ நம் காதில் விழாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘ஐ லைக் இட்’ என்று மூன்று சொல்லாகப் பிரித்துச் சொல்வதில்லை, ‘ஐ லைக்கிட்’ என்று ஒரே மூச்சில் ஒட்டிவிடுகிறார்கள். நம் ‘அது’வுக்கு இருக்கும் சுட்டும் கனம் அந்த ‘இட்’டுக்கு இல்லை. அதை ‘அது’ என்று மொழிபெயர்த்து யோசித்தால் தேவையில்லாத சொல்லாகத்தான் தோன்றும். ‘லைக்கிட்’ என்பதையே ஒரு முழுச் சொல்லாகக் காதில் ஏற்றிக்கொள்வது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

சரி, சுருக்கமான செய்திகளுக்கு வருவோம். ‘செய்தி என்றாலே சுருக்கம்தானே, ஆங்கிலேயர்களும் சொற்களை விடுகிறார்களே, நாம் விட்டால் மட்டும் ஏன் தப்பு?’ என்ற கேள்வி வரும். விடுகிறார்கள், நிறையவே விடுகிறார்கள். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து விடுகிறார்கள் என்று கவனியுங்கள். ‘லவ்ட் இட்’, ‘காட் இட்’, ‘வில் சென்ட் இட் டுநைட்’, ‘கான்ட் ஃபைண்ட் இட்’. எல்லாவற்றிலும் போனது முன்னால் இருந்த ‘ஐ’. பின்னால் இருக்கும் ‘இட்’ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நாம் செய்வது நேர் எதிர்: ‘ஐ லவ்ட்’, ‘ஐ காட்’, ‘ஐ வில் சென்ட் டுநைட்’. தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுகிறோம். இரண்டிலும் ஒரே ஒரு சொல்தான் குறைகிறது, நீளம் ஒன்றுதான், ஆனால் ஒன்று இயல்பான சுருக்கம், இன்னொன்று முடியாத வாக்கியம்.

அப்படியானால் ‘சென்ட்’, ‘ரிசீவ்ட்’, ‘நோட்டட்’, ‘அப்ரூவ்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் வருகிற பதில்கள்? அவற்றில் வாலும் இல்லையே? அவை முழுக்கச் சரிதான், காரணமும் அழகானது. ‘ரிசீவ்ட்’ என்பது ‘நான் பெற்றேன்’ என்பதன் சுருக்கமாக அங்கே நிற்கவில்லை, ‘பெறப்பட்டது’ என்பதாக நிற்கிறது. செயப்பாட்டுவினை. அதில் கடிதம்தான் எழுவாய், எழுவாய் முன்னால் இருப்பது, முன்னால் இருப்பதை விடலாம். ஆக ‘ரிசீவ்ட், தேங்க்ஸ்’ என்பதில் குறை எதுவும் இல்லை. அதற்கு முன்னால் மரியாதைக்காகவோ முழுமைக்காகவோ ஒரு ‘ஐ’ சேர்த்து ‘ஐ ரிசீவ்ட், தேங்க்ஸ்’ என்று எழுதிய உடனே அது செய்வினை ஆகிவிடுகிறது, எதைப் பெற்றேன் என்ற கடன் தலையில் ஏறிவிடுகிறது. தொடக்கநிலையில் இருப்பவர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு சூத்திரம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ‘ஐ’ எழுதினால் ‘இட்’டும் எழுதுங்கள், ‘இட்’ எழுத மனமில்லை என்றால் ‘ஐ’யையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘நோட்டட்’ நிற்கும், ‘ஐ நோட்டட்’ நிற்காது. ஆனால் இதை ‘லைக்’ மேல் போட்டுப் பார்த்தால் ‘லைக்ட் வெரி மச்’ என்றுதான் வரும், அது நிற்காது. ஏனென்றால் ஒரு வேலை முடிந்தது என்று அறிவிக்கும் வினைகளுக்குத்தான் அந்தச் செயப்பாட்டு வாசல் திறந்திருக்கிறது. மனதுக்குள் நடப்பதைச் சொல்லும் லைக், லவ், என்ஜாய் எல்லாவற்றுக்கும் ‘இட்’ வேண்டும்.

‘என்ஜாய்’ தனியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏதாவது கையில் கொடுத்துவிட்டு ‘என்ஜாய்!’ என்பார்கள். ஏவலாக வரும்போது அது செல்லும். ஆனால் ‘ஐ என்ஜாய்ட் வெரி மச்’ என்று சொல்லும்போது ‘இட்’ இல்லாத குறை உடனே தெரியும். ஏவலில் ஆங்கிலமும் கொஞ்சம் கை தளர்த்தும் என்பது உண்மை. மருந்துப் புட்டியில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்பதற்கு ‘ஷேக் வெல்’ என்றுதான் இருக்கும், புட்டி கையிலேயே இருக்கிறது, எதை என்று கேட்க யாருக்கும் தோன்றாது. சமையல் குறிப்பும் அப்படித்தான்.

‘ப்ளீஸ் ரிவர்ட்’டும் ஏவல்தான், ஆனால் அதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘பின்னால் திரும்பு’ என்பது. பொது ஆங்கிலத்தில் பழைய நிலைக்குத் திரும்புவது, பழைய பேச்சுக்குத் திரும்புவது, சொத்து பழைய உரிமையாளருக்கே போவது, இவைதான் அதன் பொருள். இந்திய ஆங்கிலத்திலும் சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலத்திலும் அது ‘பதில் சொல்லுங்கள்’ ஆகியிருக்கிறது, திரும்பி வருவது பதிலோடு திரும்பி வருவதாக ஆனது அவ்வளவு தூரமான தாவல் ஒன்றும் இல்லை. நம் அலுவலகங்களில் இது எல்லோருக்கும் புரிகிறது, புரிகிற இடத்தில் பயன்படுத்துவதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ‘பதில்’ என்ற இந்தப் பொருளில் இது செயப்படுபொருள் குன்றிய வினை. யாருக்கு என்று வேண்டுமானால் ‘டு மீ’ சேர்க்கலாம், எதை என்ற கேள்வி கிடையாது.

ஆனால் மென்பொருள் ஆட்களிடம் அதே சொல் குன்றா வினை. ‘ரிவர்ட்’ என்றால் செய்த மாற்றத்தை ரத்து செய்வது. எங்கள் குழுவில் இது எப்படி வெடித்தது என்று சொல்கிறேன். விலைப்பட்டியல் பக்கத்தில் தேதி தப்பான வடிவத்தில் வந்துகொண்டிருந்தது, அதைத் திருத்திச் சேர்த்தாயிற்று. அந்தத் திருத்தத்தின் கீழே எங்களில் ஒருவர் வேறு நாட்டில் இருக்கும் சக ஊழியருக்கு ‘ப்ளீஸ் செக் அண்ட் ரிவர்ட்’ என்று எழுதினார். பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்பது அவர் மனதில் இருந்தது. அந்த ஊழியர் பார்த்தார், திருத்தத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது போல, எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, சொன்னதை ஒழுங்காகச் செய்தார்:

```
git revert 4f2c9a1
```

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிவு செய்து வைக்கும் ‘கிட்’ என்ற கருவிக்கான இந்தக் கட்டளை பழைய மாற்றத்தை அழிப்பதில்லை. அந்த மாற்றத்துக்கு நேர் எதிரான இன்னொரு மாற்றத்தை உருவாக்கி மேலே வைக்கிறது. ஆகவே எங்கள் திருத்தம் வரலாற்றில் பத்திரமாகத் தெரிந்தது, பக்கத்தில் மட்டும் பழைய தப்பு திரும்பி வந்திருந்தது. வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது, திருத்தம் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. திருத்தத்திலேயே பிழையா என்று அரை நாள் தேடினோம். பிறகு வரலாற்றில் இன்னும் ஒரு வரி மேலே போய்ப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது:

```
Revert "Fix date format on invoice page"
```

இதில் நான் வெகுநேரம் யோசித்தது, அந்த ஊழியர் ஏன் அப்படிப் படித்தார் என்பதை. பதில் என்ற பொருள் அவருக்குத் தெரியாது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ‘செக்’ என்பதற்குச் செயப்படுபொருள் இல்லை. எதைச் சரிபார்க்க வேண்டும்? இந்தத் திருத்தத்தை. அதை அவரே மனதில் நிரப்பிக்கொண்டார். ‘அண்ட்’ போட்டு அடுத்த வினை வந்தபோது அதே பொருளை அங்கேயும் நிரப்பினார்: திருத்தத்தைச் சரிபார், திருத்தத்தை ரத்து செய். எங்கள் செய்திகள் எல்லாமே ‘ப்ளீஸ் செக்’, ‘ப்ளீஸ் மெர்ஜ்’, ‘ப்ளீஸ் க்ளோஸ்’ என்றே போய்க்கொண்டிருந்தன. இந்த ஆட்கள் வினையை மட்டும் எழுதுவார்கள், பொருளை நாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவரைப் பழக்கியது நாங்கள்தான். அன்றைக்கும் போட்டுக்கொண்டார். ‘ப்ளீஸ் செக் த டேட் ஃபார்மட் அண்ட் ரிவர்ட் டு மீ’ என்று எழுதியிருந்தால்கூட, அந்த ‘ரிவர்ட்’ விசித்திரமாகத் தெரிந்திருக்கும், ஆனால் ரத்து என்று படித்திருக்க மாட்டார். அதற்கப்புறம் எங்கள் குழுவில் பதில் வேண்டும் என்றால் ‘ரிப்ளை’ என்றும், எதைப் பற்றி என்பதைச் சேர்த்தும் எழுதுகிறோம்.

ஒரு செய்தியில் விட்ட பொருளைப் படிப்பவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று யோசித்தால் ஆபத்து எங்கே என்று கண்டுகொள்ளலாம். பெரும்பாலும் அதற்கு நேர் முந்தைய செய்தியிலிருந்து எடுக்கிறார். இரண்டு பேர் மட்டும் பேசும் அரட்டையில், ஒரு கேள்வி, உடனே ஒரு பதில் என்றால் எதுவும் தவறாது. முந்தைய செய்தியில் இரண்டு பொருள்கள் இருந்தாலோ, நடுவில் மூன்றாவது ஆள் ஏதாவது எழுதிவிட்டாலோ, நேற்றைய செய்திக்கு இன்று பதில் எழுதினாலோ, செய்தியை அப்படியே வேறொருவருக்கு முன்னனுப்பினாலோ கதை மாறுகிறது. ‘ஒப்பந்தத்தையும் விலைப்பட்டியலையும் இணைத்திருக்கிறேன்’ என்ற மின்னஞ்சலுக்கு ‘ஐ ஹேவ் அப்ரூவ்ட்’ என்று பதில் வந்தால், ஒப்பந்தமா, விலையா, இரண்டுமா? ‘இட்’ சேர்த்தாலும் இங்கே தீராது, ஒன்றா இரண்டா என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் பெயரையே எழுத வேண்டும். ‘அப்ரூவ்ட் த ப்ரைஸ் லிஸ்ட், ஸ்டில் ரீடிங் த கான்ட்ராக்ட்’. தலையில் ‘ஐ’ இல்லை, வால் முழுசாக இருக்கிறது.

‘சொன்னேன்’ என்பதற்கு ‘ஐ டோல்ட்’ என்று எழுதும்போது ஒன்றுக்கு இரண்டாகக் குறைகிறது. ‘டோல்ட்’ யாரிடம் என்பதைக் கேட்கும், ‘ஐ டோல்ட் ஹிம்’ என்றால் நின்றுவிடும், என்ன சொன்னேன் என்பதை விடலாம். ‘செட்’ அதற்கு எதிர்: என்ன என்பதைக் கேட்கும், யாரிடம் என்பதைக் கேட்காது. தமிழில் இரண்டுமே ‘சொல்’ என்பதால் இந்த வித்தியாசம் நமக்குத் தானாக வராது. ‘லெட்’டும் இதே மாதிரிதான், ‘வில் லெட் நோ’ என்று எழுதுகிறவர்கள் நடுவில் ‘யூ’வை விட்டுவிடுகிறார்கள், ‘வில் லெட் யூ நோ’ என்பதுதான் முழுசு.

‘ப்ளீஸ் அட்வைஸ்’, ‘ப்ளீஸ் கன்ஃபர்ம்’ இரண்டும் வணிகக் கடிதங்களில் எல்லா நாட்டிலும் புழங்குகின்றன, அவற்றை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் ‘கன்ஃபர்ம்’ என்பதோடு எதை என்று ஒரு சொல் சேர்த்தால் பதில் சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம். ‘ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்று மட்டும் போனால் ‘கன்ஃபர்ம் வாட்?’ என்று திரும்பி வருவதற்கு ஒரு சுற்று, அதற்குப் பதில் எழுத இன்னொரு சுற்று.

இணைப்போடு போகும் மின்னஞ்சலில் வருகிற ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ என்ற வரியையும் ஒரு தடவை பாருங்கள். ‘ஃபைண்ட்’ குன்றா வினை, முழு வாக்கியம் ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் த சைன்ட் லெட்டர்’ என்பது போல ஒரு பொருளோடு முடிய வேண்டியது. நம்மில் பலர் ‘அட்டாச்ட்’ என்றதோடு நிறுத்திவிடுகிறோம், கோப்பு கூடவே போவதால் புரிந்துவிடுகிறது. கோப்பை இணைக்க மறந்த அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். பொருளின் பெயர் இருந்திருந்தால் ‘கையெழுத்திட்ட கடிதம் வரவில்லையே’ என்று உடனே கேட்பார்கள். இல்லாவிட்டால் வந்திருப்பது ஒரு மரியாதையான வாக்கியம் மட்டும், எது வரவில்லை என்று சொல்ல அவர்களிடம் ஒரு சொல்கூட இருக்காது.